‘முகவரி பொருந்தவில்லை’ என்று யார் சொன்னது?

வெளிநாட்டு ஒன்லைன் கடையொன்றில் கார்ட் இலக்கத்தைத் தட்டி, காலாவதித் திகதியைத் தட்டி, பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் தட்டி முடித்த பிறகு, சிவப்பு எழுத்தில் இப்படி ஒரு வரி வந்து நிற்பதை எங்களில் அநேகம் பேர் பார்த்திருப்போம்:

```
The address provided does not match billing address of cardholder.
```

நீங்கள் கொடுத்த முகவரி, கார்ட்காரரின் முகவரியோடு பொருந்தவில்லையாம். இதைப் பார்த்ததும் நாங்கள் எல்லாரும் செய்வது ஒரே வேலைதான். எழுத்துப் பிழை தேடுவோம். தலவாக்கலைக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’லா இரண்டு ‘எல்’லா, நுவரெலியாவைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா, ‘டிவிஷன்’ என்று முழுசாகப் போட வேண்டுமா என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். திரும்பவும் அதே வரிதான் வரும். கடைசியில், “நம்ம தோட்டத்து அட்ரஸ் அவங்களுக்கு விளங்காது போல” என்று விட்டுவிடுவோம்.

அந்த முடிவில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, அதாவது கடை சொல்லும் பாதி, அநேகமான நேரங்களில் உண்மையே இல்லை. ‘பொருந்தவில்லை’ என்று சொல்ல வேண்டுமானால் யாராவது இரண்டு முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இலங்கைக் கார்ட் விஷயத்தில் பெரும்பாலும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பார்க்காமலே குற்றத்தை நமது முகவரி மேல் போடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது. அதோடு, பார்த்திருந்தாலும் லயத்து முகவரி தோற்றுத்தான் போயிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

ஒரு கேள்வி அல்ல, இரண்டு கேள்வி

‘பணம் செலுத்து’ பொத்தானை அமத்தினால், கடையிலிருந்து ஒரு செய்தி கார்ட் வலையமைப்பு வழியாக நமது வங்கிக்குப் போகிறது. அந்தச் செய்திக்குள் இரண்டு கேள்விகள் இருக்கலாம். முதலாவது: இந்தக் கார்டில் இவ்வளவு பணம் இருக்கிறதா, கொடுப்பீர்களா? இரண்டாவது: இவர் எழுதியிருக்கும் முகவரி, உங்கள் பதிவில் உள்ள முகவரிதானா? இந்த இரண்டாவது கேள்விக்கு முகவரிச் சரிபார்ப்பு என்று பேர். கடைக்காரர்கள் சுருக்கமாக ஏவிஎஸ் என்பார்கள்.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம், இரண்டு பதிலும் தனித்தனி. வங்கி முதல் கேள்விக்கு ‘சரி, தருகிறோம்’ என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்கு ஒரே ஓர் எழுத்தைப் பதிலாக அனுப்பலாம். அந்த எழுத்தைப் பார்த்து, விற்பதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கி இல்லை, கடை. ஆகவே முகவரி காரணமாகக் கார்ட் மறுக்கப்பட்டது என்றால், அநேகமாக நமது வங்கி காசைத் தரச் சம்மதித்த பிறகு கடை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காசு எங்கே போனது என்று தேடும்போது உதவும்.

சொல்லை வீசிவிட்டு எண்ணை எடுக்கும் இயந்திரம்

முகவரியை எப்படி ஒப்பிடுகிறார்கள்? நாங்கள் நினைப்பது போல எழுத்தெழுத்தாக இல்லை. வீதி என்பதை ஒருவர் முழுசாக எழுதுவார், இன்னொருவர் சுருக்கி எழுதுவார். எழுத்தெழுத்தாகப் பார்த்தால் யாருடைய முகவரியும் தேறாது. அதனால் இந்த முறையைச் செய்தவர்கள் சொற்களை அப்படியே விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டு இலக்கமும் அஞ்சல் குறியீடும் பொருந்தினால் போதும்.

லண்டனில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் முகவரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
Flat 7, 23 High Road
London E12 6XX
```

பிரித்தானிய முறையில் முதல் வரியிலிருந்து 723 என்ற எண்களும், அஞ்சல் குறியீட்டிலிருந்து 126 என்ற எண்களும் மட்டுமே ஒப்பிடப்படும். வீதியின் பேரை அவர் பிழையாக எழுதினாலும் இயந்திரம் கவலைப்படாது. இரண்டும் சரியென்றால் முழுப் பொருத்தம். குறியீடு சரி, வீட்டு இலக்கம் பிழை என்றால் பாதிப் பொருத்தம். அமெரிக்க முறையில் இந்தப் பதில்கள் `Y`, `A`, `Z`, `N` என்று ஒற்றை எழுத்தில் வரும். `Y` என்றால் இரண்டும் பொருந்துகிறது. `A` என்றால் வீட்டு இலக்கம் மட்டும், `Z` என்றால் அஞ்சல் குறியீடு மட்டும். `N` என்றால் ஒன்றும் பொருந்தவில்லை.

இலக்கமிட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் வீதிகளுக்கு இது நல்ல யோசனைதான். இப்போது எங்கள் பக்கத்து முகவரி ஒன்றைப் பாருங்கள். பேர், கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பேர், ஹட்டன். அவ்வளவுதான். இதில் ஓர் எண்கூட இல்லை. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டிய தகவல் எல்லாம் சொற்களில்தான் இருக்கிறது: எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யாருடைய மகள். தபால்காரருக்கு இது போதும். தோட்டத்து ஆபீஸுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். ஆனால் சொல்லை எல்லாம் வீசிவிட்டு எண்ணை மட்டும் எடுக்கும் இயந்திரத்திடம் இதைக் கொடுத்தால், அதன் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆகவே தலவாக்கலையின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பார்த்தது எதற்கும் உதவாத வேலை. இயந்திரம் அந்தச் சொல்லைப் படிக்கவே இல்லை.

ஏன் எண் இல்லை?

“சரி, ஒரு இலக்கத்தைப் போட்டுக்கிட்டா என்ன?” என்று கேட்கலாம். லயத்துக்கு இலக்கம் இல்லாமல் இல்லை. மூன்றாம் லயம், பதினாலாம் காம்பரா என்று எங்களுக்கு எல்லாம் தெரியும். சில இடங்களில் கதவுக்கு மேலே பெயின்டால் எழுதியும் இருக்கும். ஆனால் அது தோட்ட நிர்வாகம் தன்னுடைய கணக்குக்காகப் போட்ட இலக்கம். இலங்கையில் வீட்டு இலக்கம் என்று மற்றவர்கள் சொல்வது வேறு. அது, ஒரு கட்டடத்துக்கு ஆதன வரி கணிக்கும்போது மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ கொடுக்கும் இலக்கம். வீதிக்குப் பேர் வைப்பதும் அந்தச் சபைதான்.

தோட்டங்கள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் வாழும் மக்களுக்குச் சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குத் தடையாக இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரைக்கும் வாக்குப் போட்டுச் சபைக்கு ஆள் அனுப்பிய மக்கள், அதே சபையிடமிருந்து ஒரு ரோட்டைக்கூடச் சட்டப்படி கேட்க முடியாத நிலை. ரோட்டே போடாத சபை, ரோட்டுக்குப் பேரும் வீட்டுக்கு இலக்கமும் எங்கே கொடுக்கப் போகிறது? லயம் கம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்தாலும் அது குடியிருப்பவரின் பேரில் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வரும், அங்கிருந்து எங்களிடம் வரும், சில வேளை வராது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டைக் கேட்டாலும் ஒன்றாவது இருக்கும்.

எனவே ‘முகவரியில் எண் இல்லை’ என்பதை எங்கள் ஆட்களின் கவனக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலம் யாருடையது, வீடு யாருடையது, சபை யாருக்குப் பொறுப்பு என்ற பழைய கேள்விகள்தான் இப்போது ஒரு ஒன்லைன் படிவத்தில் காலிப் பெட்டியாக வந்து நிற்கின்றன.

ஒரு தோழியின் மூன்று முயற்சிகள்

எங்கள் வட்டத்தில் ஒரு தோழிக்கு நடந்ததை இந்த இடத்தில் படிப்படியாகச் சொல்கிறோம். அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம், பேராதனையில் கலைப்பீடம். இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு மின்னூல் தேவைப்பட்டது. நூலகத்தில் இல்லை. வெளிநாட்டுக் கடையொன்றில் 38 டொலர். மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரத்துப் பேர்.

வங்கிக் கணக்கைப் பள்ளிக்கூடக் காலத்தில் ஹட்டனில் திறந்தவர். வங்கிப் பதிவில் அவருடைய முகவரி இப்படி:

```
NO 14, LINE NO 3
LOWER DIVISION
(தோட்டத்தின் பேர்) ESTATE
HATTON
```

முதல் முறை அவர் கடையின் படிவத்தில் எழுதியது, தான் இப்போது இருக்கும் விடுதியின் முகவரியை:

```
Address line 1: (விடுதியின் பேர்)
Address line 2: University of Peradeniya
City: Peradeniya
ZIP: 20400
```

எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். வங்கிப் பக்கம் 143, குறியீடு இல்லை. படிவத்தின் பக்கம் வீட்டு இலக்கம் இல்லை, குறியீடு 20400. ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. கடை மறுத்தது.

இரண்டாவது முறை, “வீட்டு அட்ரஸ்தான் கேக்குறாங்க போல” என்று கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பேர், ஹட்டன், 22000 என்று எழுதினார். லயத்து இலக்கத்தை எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை, பழக்கமில்லை. இப்போது படிவத்தில் இலக்கம் இல்லை, குறியீடு 22000. வங்கியில் 143, குறியீடு இல்லை. திரும்பவும் பொருத்தம் இல்லை. மூன்றாவது முறை தோட்டத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தினார். இயந்திரத்தின் கண்ணுக்கு இரண்டாவது முயற்சிக்கும் மூன்றாவது முயற்சிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் அவருடைய போனுக்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்தது. 38 டொலருக்கான ரூபாய், பிறகும் 38, பிறகும் 38. புத்தகம் இல்லை. 114 டொலர் கணக்கில் பூட்டப்பட்டுவிட்டது. கார்டைப் போட்டால் மெஸ்ஸுக்குக் கட்ட மிச்சமில்லை.

மேலே சொன்ன இரண்டு கேள்வி ஞாபகம் இருக்கிறதா? வங்கி மூன்று முறையும் முதல் கேள்விக்கு ‘சரி’ சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னதும் அந்தத் தொகையைத் தனியாக எடுத்துப் பிடித்து வைக்கும். கடை அதை எடுக்கவில்லை என்றால் அது திரும்பி வரும். ஆனால் உடனே வராது. கடையே முன்வந்து அந்த அனுமதியை இரத்துச் செய்தால் சீக்கிரம் விடுபடும், இல்லையென்றால் சில நாளிலிருந்து சில வாரம் வரைக்கும் இழுக்கும். காசு களவு போகவில்லை. ஆனால் கையில் இல்லாத காசு, இருந்தென்ன?

கேட்கவே இல்லாத கேள்விக்குத் தவறான பதில்

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 143க்கும் 22000க்கும் பொருத்தம் பார்த்தோம் அல்லவா? அது, வங்கி பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்காக. உண்மையில் முகவரிச் சரிபார்ப்பு என்பது அமெரிக்கா, கனடா, பிரித்தானியா போன்ற சில நாடுகளின் வங்கிகள்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும் ஏற்பாடு. மற்ற நாட்டுக் கார்ட்களுக்குப் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலே இருக்காது. அப்போது கடைக்கு வருவது `N` அல்ல. `U` என்றோ `G` என்றோ ஓர் எழுத்து வரும். `U` என்றால் தகவல் கிடைக்கவில்லை. `G` என்றால் இது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கி, இந்தச் சரிபார்ப்பில் சேரவில்லை. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: எங்களுக்குத் தெரியாது.

‘தெரியாது’ என்பதும் ‘பிழை’ என்பதும் ஒன்றா? கடையின் அமைப்பில் எந்த எழுத்து வந்தால் விற்பது, எந்த எழுத்து வந்தால் நிறுத்துவது என்று ஒரு பட்டியல் இருக்கும். `N`, `U`, `G` மூன்றையும் ஒரே கூடையில் போட்டு நிறுத்தும் கடைகள் இருக்கின்றன. நிறுத்தும்போது காட்டும் வாக்கியமும் ஒன்றேதான்: உங்கள் முகவரி பொருந்தவில்லை. கேட்காத கேள்விக்கு நாங்கள் பிழையாகப் பதில் சொன்னோம் என்று எங்களிடமே சொல்கிறார்கள்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். களவெடுத்த கார்டில் யாராவது வாங்கிவிட்டால், உண்மையான கார்ட்காரர் முறையிட்டதும் அந்தக் காசு பெரும்பாலும் கடையிடமிருந்துதான் திரும்ப எடுக்கப்படும். பொருளும் போச்சு, காசும் போச்சு. அதனால் சந்தேகம் வந்தால் விற்காமல் விடுவது அவர்களுக்கு இலாபம். யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் உரிமையை நாங்கள் கேள்வி கேட்கவில்லை. “உங்கள் நாட்டுக் கார்டின் முகவரியை எங்களால் சரிபார்க்க முடியவில்லை” என்று ஒரு வரி எழுத அவர்களுக்கு என்ன செலவு? அந்த வரி இருந்திருந்தால் எங்கள் தோழி ஒரு முறையோடு நிறுத்தியிருப்பார். 76 டொலர் பூட்டப்பட்டிருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது

முதலில் போனைப் பாருங்கள். கார்ட் மறுக்கப்பட்டதாகக் கடை சொல்லும் அதே நேரத்தில் வங்கியிலிருந்து காசு எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்திருந்தால், அல்லது வங்கி அப்பில் அந்தத் தொகை நிலுவையில் தெரிந்தால், வங்கி சம்மதித்துவிட்டது, மறுத்தது கடை. எஸ்எம்எஸ் எதுவும் இல்லை, மீதியும் குறையவில்லை என்றால் அநேகமாக வங்கிதான் மறுத்திருக்கிறது. அப்போது முகவரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுக்கல் வாங்கல் திறந்திருக்கிறதா, எல்லை எவ்வளவு என்று வங்கியிடம் கேளுங்கள்.

கடை மறுத்திருந்தால் இரண்டாம் முறை தட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டலும் இன்னொரு தொகையைப் பூட்டும். கடைக்கு எழுதுங்கள். ‘என் வங்கி அனுமதி கொடுத்துவிட்டது, இலங்கைக் கார்டுக்கு முகவரிச் சரிபார்ப்பு கிடைக்காமல் இருக்கலாம், அனுமதியை இரத்துச் செய்யுங்கள், வேறு வழியில் கட்டலாமா’ என்று நாலு வரி போதும். தொகை, திகதி, நேரம் மூன்றையும் போடுங்கள்.

அடுத்து, வங்கியில் எந்த முகவரி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஞாபகம் இருப்பதும் அடையாள அட்டையில் இருப்பதும் அங்கே இருக்கும் என்று நினைக்காதீர்கள். வங்கி, நிரந்தர முகவரி என்று ஒன்றும் கடிதத் தொடர்புக்கு வேறொன்றும் வைத்திருக்கலாம். கணக்குக் கூற்றில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். கிளைக்குப் போகும் நாளில் அஞ்சல் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200. உங்கள் தபாற்கந்தோருக்குத் தனிக் குறியீடு இருந்தால் அதையே போடுங்கள். லயமும் காம்பராவும் எழுதுவதானால் எண் முதலில் வரட்டும்: ‘14, LINE 3’. சில அமைப்புகள் வரியின் தொடக்கத்தில் உள்ள எண்ணை மட்டுமே எடுக்கும். ‘NO’ என்று தொடங்கினால் அதற்கு எண்ணே கிடைக்காமல் போகலாம்.

படிவத்தில் முதலில் நாட்டைத் தெரிவு செய்யுங்கள். பல படிவங்களில் நாட்டை மாற்றியதும் மற்றப் பெட்டிகளும் மாறும். மாநிலம் கட்டாயம் என்று நின்றால் மத்திய மாகாணத்தைப் போடலாம். பொருள் விடுதிக்கு வர வேண்டுமென்றாலும் கட்டண முகவரி வங்கியில் உள்ளதாகவே இருக்கட்டும். அனுப்பும் முகவரி வேறு பெட்டி.

ஒன்றைச் செய்யவே வேண்டாம். “அமெரிக்க அட்ரஸ் ஒண்ணப் போட்டா போகும் மச்சான்” என்று சொல்லும் நண்பர் எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். இலங்கை அஞ்சல் குறியீடும் ஐந்து இலக்கம், அமெரிக்கக் குறியீடும் ஐந்து இலக்கம் என்பதால் படிவம் ஏற்றுக்கொள்ளவும் செய்யும். 222 என்று தொடங்கும் குறியீடுகள் அங்கே வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனுக்கு உரியவை. நுவரெலியாக்காரர் ஒரு நொடியில் ஆர்லிங்டன்காரர் ஆகிவிடலாம். ஆனால் கார்டின் முதல் சில இலக்கங்களே அது எந்த நாட்டு எந்த வங்கியின் கார்ட் என்று கடைக்குச் சொல்லிவிடும். இலங்கைக் கார்ட், அமெரிக்க முகவரி, இலங்கை இணைய இணைப்பு: களவு பிடிக்கும் அமைப்பு தேடுவதே இந்தச் சேர்க்கையைத்தான். அதுவரை ‘தெரியாது’ என்றிருந்தது அப்போதுதான் ‘சந்தேகம்’ ஆகும்.

ஓடிபி கேட்கும் கடை கிடைத்தால் அதுவே நல்லது. அங்கே நீங்கள்தான் கார்ட்காரர் என்பதை உங்கள் வங்கியே போன் வழியாக உறுதிப்படுத்துகிறது. களவு நடந்தால் பொறுப்பும் பெரும்பாலும் வங்கியிடம் போய்விடுவதால், கடைக்கு முகவரியைப் பற்றிய பயம் குறைவு. தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி நிற்க வேண்டியிருக்கலாம், அது வேறு கதை.

இலக்கம் கேட்பது எதற்கு

இது மலையகத்துக்கு மட்டுமுள்ள பிரச்சினை இல்லை. அயர்லாந்தில் 2015 வரைக்கும் நாடு முழுவதற்குமான அஞ்சல் குறியீடே இல்லை. கிராமத்து வீடுகளில் நிறையவற்றுக்கு இலக்கமும் இல்லை. ஒரே ஊர்ப் பேரை நாலைந்து வீடுகள் பகிர்ந்துகொண்டன. தபால்காரருக்கு ஆளைத் தெரியும் என்பதால் கடிதம் போய்ச் சேர்ந்தது. ஒன்லைன் படிவங்களில் அவர்களும் எங்களைப் போலத் தடுமாறினார்கள். 2015இல் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியே ஏழு எழுத்துக் குறியீடு ஒன்றைக் கொடுத்தார்கள். வீதிக்குப் பேர் வைக்கும் வரைக்கும், வரி கணிக்கும் வரைக்கும் காத்திருக்கவில்லை. எங்கள் 22000 ஒரு தபாற்கந்தோரைக் காட்டும். அவர்களுடைய குறியீடு ஒரு வீட்டைக் காட்டும்.

நாங்கள் கேட்பதும் அதுதான். சட்டம் திருத்தப்பட்ட பிறகு பிரதேச சபைகளுக்குத் தோட்டத்துக்குள் வர இருந்த தடை போய்விட்டது. ஒவ்வொரு காம்பராவுக்கும், புதிதாகக் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும், குடியிருப்பவர் பேரில் ஓர் இலக்கம் வேண்டும். அது தோட்டத்துக் கணக்குப் புத்தகத்து இலக்கமாக இல்லாமல், சபையின் பதிவிலும் தபாற்கந்தோரின் பதிவிலும் வங்கியின் பதிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கிகளும் ஒன்றைச் செய்யலாம். தங்கள் பதிவில் உள்ள முகவரியை அப்பிலேயே அப்படியே காட்டட்டும், அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாகக் கேட்கட்டும்.

இதெல்லாம் நடந்தாலும் நாளைக்கே வெளிநாட்டுக் கடைகள் எங்கள் கார்டை வாங்கிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்கள் வங்கிகள் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாத வரைக்கும் ‘தெரியாது’ என்ற எழுத்துதான் போகும். கொழும்பில் இலக்கமிட்ட வீட்டில் இருப்பவருக்கும் அதே எழுத்துதான். ஆனால் அவருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ‘முகவரி பொருந்தவில்லை’ என்ற வரியைப் பார்த்ததும் அவர் கடையைச் சந்தேகிப்பார். நாங்கள் எங்கள் முகவரியைச் சந்தேகிக்கிறோம். கடிதம் வராமல், சான்றிதழ் கேட்டு அலைந்து, கந்தோர் கந்தோராக “இது என்ன அட்ரஸ்?” என்று கேட்கப்பட்டுப் பழகியதால் வந்த சந்தேகம் அது.

அடுத்த முறை அந்தச் சிவப்பு வரி வரும்போது முகவரியைத் திருத்தப் போக முன்னம், எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். வந்திருந்தால் திருத்த வேண்டியது உங்கள் பக்கத்தில் இல்லை.